பெட்டியில் எழுதிய 30 கிராமும் பிள்ளையின் கிண்ணமும்

கேள்வி: எனக்கு இரண்டு பிள்ளைகள். பெண்ணுக்கு 8 வயது, பையனுக்கு 5. காலையில் இட்லி, தோசை கொடுத்தால் பையன் வாயிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், பள்ளி வேன் வந்துவிடும். அதனால் அவனுக்குச் சாக்லேட் சீரியலும் பாலும்தான். 375 கிராம் பெட்டி 195 ரூபாய். அவன் ஒருவனே ஏழு நாளில் காலி செய்துவிடுகிறான். பெண்ணுக்கு மசாலா ஓட்ஸ் பாக்கெட்தான் வேண்டும். பையனுக்கு அடிக்கடி மலச்சிக்கல் வருகிறது, நார்ச்சத்தைக் கூட்டச் சொன்னார் டாக்டர். சீரியல் பெட்டியிலும் நார்ச்சத்து இருப்பதாகத்தான் போட்டிருக்கிறது. கார்ன்ஃப்ளேக்ஸுக்கு மாறலாமா, இல்லை சாதா ஓட்ஸா? ஓட்ஸ் விலை ஜாஸ்தி என்கிறார் கணவர். நான்கு பாக்கெட்டின் லேபிளையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். (வாசகி, ஈரோடு)

பதில்: நீங்கள் அனுப்பிய லேபிள்களைவிட, போகிற போக்கில் எழுதிய ‘ஏழு நாள்’தான் எனக்கு அதிகம் உதவியது. 375-ஐ ஏழால் வகுத்தால் கிட்டத்தட்ட 54 கிராம். உங்கள் பையனின் ஒரு வேளைக் கிண்ணம் அதுதான். பெட்டியில் ‘ஒரு பரிமாறல் 30 கிராம்’ என்று போட்டிருக்கிறது. கீழே இருக்கிற சர்க்கரைக் கணக்கு, சதவீதக் கணக்கு எல்லாமே அந்த 30 கிராமுக்குத்தான். அந்த அளவை உங்கள் கிண்ணத்தில் கொட்டிப் பாருங்கள், அடியில் கிடக்கும். எந்தப் பிள்ளையும் அதோடு எழுந்து போகாது. வீட்டில் சமையல் தராசு இருந்தால் கிண்ணத்தை வைத்து பூஜ்ஜியமாக்கிவிட்டு, பையன் வழக்கமாகப் போட்டுக்கொள்கிற அளவைக் கொட்டி எடை பாருங்கள். தராசு இல்லாவிட்டால் பெட்டியைத் திறக்கும் நாளில் தேதியை மேலே எழுதி வைத்து, எத்தனை கிண்ணம் வந்தது என்று எண்ணினாலே போதும். நீங்கள் அதைத்தான் அறியாமலே செய்திருக்கிறீர்கள்.

இப்போது சர்க்கரை. உங்கள் சாக்லேட் சீரியலின் லேபிளில் 100 கிராமுக்கு மொத்தச் சர்க்கரை 30 கிராம், அதில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 28 கிராம். ‘ஆடட் சுகர்ஸ்’ என்று தனி வரியில் இருப்பது இந்த இரண்டாவது எண்தான். நாம் பார்க்க வேண்டியதும் அதுதான். பாலிலும் பழத்திலும் இயல்பாக இருக்கிற சர்க்கரையைப் பற்றி இங்கே கவலை இல்லை. 30 கிராம் பரிமாறலுக்கு 8.4 கிராம் சர்க்கரை, அதாவது தட்டையாக எடுத்த இரண்டு டீஸ்பூன். பையன் உண்மையில் சாப்பிடும் 54 கிராமுக்கு அது 15 கிராம் ஆகிவிடுகிறது. நாலு ஸ்பூனுக்கு ஒரு சிட்டிகை குறைவு, அவ்வளவுதான்.

அதே வரியில் பக்கத்தில் ‘17 சதவீதம்’ என்று பார்த்து நிம்மதி அடைந்திருப்பீர்கள். அந்தச் சதவீதம் ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிற பெரியவருக்கு, 50 கிராம் சர்க்கரை என்ற கணக்கை வைத்துப் போட்டது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1360 கலோரி போதும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். அளவு. உலக சுகாதார நிறுவனம் சொல்கிறபடி சேர்க்கும் சர்க்கரை மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றால் அவனுக்கு அது 34 கிராம். ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறார்கள், அப்படிப் பார்த்தால் 17 கிராம்தான். காலை எட்டு மணிக்குள்ளேயே 15 கிராம் உள்ளே போய்விட்டது. பாலில் மால்ட் பவுடரும் கலக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கலந்தால் அதன் டப்பாவையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

கடையில் நின்றுகொண்டு இவ்வளவு கணக்குப் போட முடியாது. நான் சொல்லும் வழி எளிது: பரிமாறல் அளவு இருக்கிற கட்டத்தை விட்டுவிட்டு, 100 கிராம் கட்டத்தை மட்டும் பாருங்கள். அதில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 10 கிராமுக்குள் இருந்தால் பிள்ளைகளுக்குத் தினமும் கொடுக்கலாம் என்பது என் அளவுகோல். 10-லிருந்து 20 வரை என்றால் எப்போதாவது. அதற்கு மேலே போனால் அதை மிட்டாய் வரிசையில் வைத்துவிடுவேன். பிரிட்டனில் பாக்கெட் முகப்பில் போக்குவரத்து விளக்கு நிறம் போடும் முறையில் 100 கிராமுக்கு மொத்தச் சர்க்கரை 22.5 கிராமைத் தாண்டினாலே சிவப்பு. உங்கள் பெட்டி 30-ல் நிற்கிறது.

எண்களைப் பார்க்கும்போது பொருள்கள் பட்டியலிலும் ஒரு கண் வையுங்கள். எது எடையில் அதிகமோ அது முதலில் வரும் என்பது சட்டம். உங்கள் பெட்டியில் கோதுமை மாவுக்கு அடுத்ததே சர்க்கரை. சில பாக்கெட்டுகளில் சர்க்கரை நாலாவது இடத்தில் அடக்கமாக இருக்கும், ஆனால் அதைச் சுற்றி மால்ட் எக்ஸ்ட்ராக்ட், லிக்விட் குளுக்கோஸ், தேன், வெல்லம் என்று அதன் உறவுக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் முதல் இடத்துக்கே வந்துவிடும். தேன், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி எல்லாம் பல்லுக்கும் உடம்புக்கும் சர்க்கரைக் கணக்குதான். இதைச் சொன்னால் பாட்டிமார்கள் என்னிடம் கோபித்துக்கொள்வார்கள், இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சரி, டாக்டர் சொன்ன நார்ச்சத்துக்கு வருவோம். பெட்டியில் ‘சோர்ஸ் ஆஃப் ஃபைபர்’ என்று போட்டிருப்பது பொய் இல்லை. 100 கிராமில் 3 கிராம் நார் இருந்தாலே அப்படிப் போட்டுக்கொள்ள நம் உணவுப் பாதுகாப்பு விதி அனுமதிக்கிறது. ‘ஹை ஃபைபர்’ என்று போட 6 கிராம் வேண்டும். உங்கள் சாக்லேட் சீரியலில் 5 கிராம். பையனின் 54 கிராம் கிண்ணத்தில் 2.7 கிராம் நார் வருகிறது, கூடவே 15 கிராம் சர்க்கரையும். பிள்ளைகளுக்கு நார்ச்சத்து எவ்வளவு வேண்டும் என்பதற்கு நாங்கள் பயன்படுத்தும் சுலபக் கணக்கு வயதோடு ஐந்தைக் கூட்டுவது. உங்கள் பையனுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 10 கிராம், பெண்ணுக்கு 13. இன்னொன்று, சத்து அட்டவணையில் நார்ச்சத்து வரி கட்டாயம் இல்லை. அதைப் பற்றி முகப்பில் பெருமை பேசினால்தான் எண்ணைக் காட்ட வேண்டும். ஆகவே ஒரு பாக்கெட்டில் அந்த வரியே இல்லை என்றால், பெருமைப்பட அங்கே ஒன்றும் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கார்ன்ஃப்ளேக்ஸ் இதில்தான் தோற்றுப்போகிறது. நீங்கள் அனுப்பிய பாக்கெட்டில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 8 கிராம்தான், பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் நார் வெறும் 3 கிராம். சோளத்தின் மேல்தோலையும் முளையையும் நீக்கிவிட்டு நடுவில் இருக்கிற மாவுப் பகுதியை வைத்துத்தான் அதைச் செய்கிறார்கள், நார் எங்கிருந்து வரும்? எடையும் குறைவு, கிண்ணம் நிறையப் போட்டாலும் 35 கிராம்தான் பிடிக்கும். அதில் கிடைப்பது ஒரு கிராம் நார். சாக்லேட் சுவைக்குப் பழகிய பிள்ளை சாதா கார்ன்ஃப்ளேக்ஸை அப்படியே சாப்பிடாது. மேலே இரண்டு ஸ்பூன் சர்க்கரை தூவச் சொல்லும். 2.8 கிராமில் ஆரம்பித்த சர்க்கரை 11 கிராமுக்கு வந்து நிற்கும். பத்தரை மணிக்குள் பசிக்கவும் செய்யும். மலச்சிக்கலுக்காக மாறுவது என்றால் கார்ன்ஃப்ளேக்ஸ் வேண்டாம்.

சாதா ஓட்ஸ் என்றால் 100 கிராமில் சுமார் 10 கிராம் நார், சேர்த்த சர்க்கரை பூஜ்ஜியம். உங்கள் பாக்கெட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. ‘ரோல்டு’, ‘குயிக்’ என்று இரண்டு விதம் பார்ப்பீர்கள். இரண்டும் ஒரே தானியம்தான். குயிக் ஓட்ஸ் இன்னும் மெல்லியதாக நசுக்கப்பட்டது, மூன்று நிமிடத்தில் வெந்துவிடும். நாரில் பெரிய வித்தியாசம் இல்லை. காலை அவசரத்துக்குக் குயிக் ஓட்ஸே வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவர் சொன்ன விலை விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சீரியல் பெட்டி 195 ரூபாய், ஓட்ஸ் பாக்கெட் 190 ரூபாய். அலமாரியில் பார்த்தால் இரண்டும் ஒரே விலை மாதிரிதான் தெரியும். ஆனால் ஒன்றில் 375 கிராம், இன்னொன்றில் ஒரு கிலோ. பெட்டிக்குள் பாதிக் காற்று என்பதால் சீரியல்தான் பெரிதாகவும் தெரியும். இப்போதெல்லாம் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ‘யூனிட் சேல் பிரைஸ்’ என்று பொடி எழுத்தில் ஒரு விலை இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட் என்றால் கிராமுக்கு இவ்வளவு என்றும், ஒரு கிலோவுக்கு மேல் என்றால் கிலோவுக்கு இவ்வளவு என்றும் போட வேண்டும். ஒன்று ‘0.52’ என்றும் இன்னொன்று ‘180’ என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம், கிராம் விலையை ஆயிரத்தால் பெருக்கினால் 520 ரூபாய். உங்கள் சீரியல் கிலோ 520, கார்ன்ஃப்ளேக்ஸ் 420, ஓட்ஸ் 190.

கிலோ விலையும் பாதிக் கணக்குதான். கிண்ணத்துக்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பெட்டியின் 30 கிராம் கணக்குப்படி சீரியல் ஒரு வேளைக்கு 15 ரூபாய் 60 காசு. உண்மையில் 195-ஐ ஏழால் வகுத்தால் கிட்டத்தட்ட 28 ரூபாய். கார்ன்ஃப்ளேக்ஸ் 35 கிராமுக்கு 14 ரூபாய் 70 காசு. ஓட்ஸ் 30 கிராம் போட்டால் வெந்து கிண்ணம் நிறைந்துவிடும், செலவு 5 ரூபாய் 70 காசு. சீரியலுக்கு முழுப் பால் ஊற்ற வேண்டும், ஓட்ஸைப் பாதி தண்ணீரில் வேக வைக்கலாம் என்பதால் பாலிலும் கொஞ்சம் மிஞ்சும். நீங்கள் நாருக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். ஒரு கிராம் நாருக்குச் சீரியலில் பத்து ரூபாய் கொடுக்கிறீர்கள், கார்ன்ஃப்ளேக்ஸில் 14 ரூபாய், ஓட்ஸில் இரண்டு ரூபாய்க்கும் கீழே. உங்கள் கணவரிடம் இந்த ஒரு வரியைக் காட்டினால் போதும்.

மலிவு என்று ஒரேயடியாகப் பெரிய பாக்கெட்டாக வாங்கிக் குவிக்கவும் வேண்டாம். ஓட்ஸில் கொழுப்பு கொஞ்சம் அதிகம், திறந்து நாளானால் சிக்கு வாடை வரும், வண்டும் வைக்கும். உங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து நாளைக்கு 60 கிராம் போனால் ஒரு கிலோ பதினாறு நாளில் தீர்ந்துவிடும், அது சரியான அளவு. திறந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் கொட்டி வையுங்கள்.

அப்புறம் பையனை எப்படி மாற்றுவது? நாளை காலையே பெட்டியை ஒளித்துவிட்டு ஓட்ஸ் கஞ்சியை நீட்டினால் தொடமாட்டான். ஓட்ஸைப் பிள்ளைகள் வெறுப்பதற்கு முக்கியக் காரணம் அதன் வழவழப்பு. பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார் தண்ணீரில் ஊறிக் கோந்தாவதால் வருவது அது. உடம்புக்கு நல்லது, நாக்குக்குப் பிடிக்காது. அதனால் ஒரு வாரத்துக்கு வேண்டிய ஓட்ஸை வெறும் வாணலியில் மிதமான தீயில் வாசம் வரும்வரை வறுத்து ஆற வைத்துக்கொள்ளுங்கள். காலையில் அரை டம்ளர் தண்ணீர் நன்றாகக் கொதித்ததும் 25 கிராம், அதாவது நாலு மேசைக்கரண்டி ஓட்ஸைப் போட்டு, கிண்டிக்கொண்டே இருக்காமல் மூன்று நிமிடம் விடுங்கள். கிண்டக் கிண்டத்தான் கோந்து கூடும். இறக்கியதும் காய்ச்சிய பாலை ஊற்றி, பாதி வாழைப்பழத்தை மசித்துச் சேர்த்தால் இனிப்புக்குச் சர்க்கரை வேண்டியிருக்காது. வெதுவெதுப்பாக ஆறியதும் அவனுடைய சாக்லேட் சீரியலை மேலே தூவிக் கொடுங்கள். தூவியதும் சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் நமத்துவிடும்.

அளவை மூன்று வாரத்தில் மாற்றுங்கள். முதல் வாரம் 30 கிராம் சீரியலுக்கு அடியில் 10 கிராம் ஓட்ஸ். இரண்டாவது வாரம் பாதிப் பாதி, 20 கிராமும் 20 கிராமும். மூன்றாவது வாரம் 25 கிராம் ஓட்ஸும் மேலே 10 கிராம் சீரியலும். அங்கே நின்றுவிட்டாலும் பரவாயில்லை என்பேன். அந்தக் கிண்ணத்தில் சேர்த்த சர்க்கரை 2.8 கிராம், நார் 3 கிராம், செலவு பத்து ரூபாய். 15 கிராம் சர்க்கரையும் 28 ரூபாயும் இருந்த இடம் அது. சீரியல் பெட்டி மாதக் கணக்கில் வரும், பையனும் தன் சாக்லேட் போய்விட்டது என்று நினைக்கமாட்டான். பெட்டியை மட்டும் மேசையில் வைக்காதீர்கள், நீங்களே அளந்து போடுங்கள்.

பெண்ணின் மசாலா ஓட்ஸில் சர்க்கரைப் பிரச்சினை இல்லை, அங்கே உப்புதான் பார்க்க வேண்டியது. உங்கள் படத்தில் 100 கிராமுக்குச் சோடியம் 900 மில்லிகிராம், 38 கிராம் பாக்கெட்டில் 340 வரும். பெரியவர்களுக்கே நாள் முழுவதற்கும் 2000-க்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு, எட்டு வயதுக்கு அதைவிடக் குறைய. பாக்கெட் 20 ரூபாய் என்றால் கிலோ 526 ரூபாய் ஆகிறது, சாக்லேட் சீரியலைவிட விலை கூடுதல். அதே வறுத்த ஓட்ஸில் 35 கிராம் எடுத்து, கடுகு, சீரகம், வெங்காயம் தாளித்து, கேரட்டும் பட்டாணியும் போட்டுக் கிளறினால் காய்கறியோடு சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பட்டாணி போடுவதால் நாரும் கூடும். வாரத்தில் ஒரு நாள் பாக்கெட் கேட்டால் கொடுங்கள், சண்டை வேண்டாம்.

இரும்புச்சத்தும் வைட்டமினும் சேர்த்த சீரியலை விட்டுவிட்டால் அது போய்விடாதா என்று சில தாய்மார்கள் கேட்பார்கள். சேர்த்திருப்பது உண்மைதான். ஆனால் பாலோடு சாப்பிடும்போது பாலின் கால்சியம் இரும்பு உறிஞ்சப்படுவதைக் குறைத்துவிடும். இரும்புக்காக 28 சதவீதம் சர்க்கரை உள்ள ஒன்றைத் தினமும் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஓட்ஸ்தான் உசத்தி என்று நான் சொல்லவில்லை. நம் கேழ்வரகு மாவில் நார் அதற்குக் குறையாமல், 100 கிராமுக்கு 11 கிராம் அளவில் இருக்கிறது, கால்சியமும் எக்கச்சக்கம். கிலோ 60 ரூபாய் என்று வைத்தால் 30 கிராம் கூழுக்கு இரண்டு ரூபாய்கூட ஆகாது. சன்னச் சல்லடையில் சலித்துத் தவிட்டைக் கொட்டிவிடாமல் இருந்தால் சரி. உங்கள் பையன் கேழ்வரகுக் கூழோ தோசையோ சாப்பிடுவான் என்றால் ஓட்ஸே தேவையில்லை. சீரியலில் பழகிய பிள்ளைக்கு ஓட்ஸ் கொஞ்சம் சுலபம் என்பதால்தான் அதில் ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

கடைசியாக மலச்சிக்கல். காலைக் கிண்ணத்தில் 3 கிராம் நார் கிடைத்தாலும் அவனுக்கு இன்னும் 7 கிராம் வேண்டும். ஒரு சிறு கொய்யா, மாலையில் ஒரு கைப்பிடி வேகவைத்த கொண்டைக்கடலை, மதியம் ஒரு கரண்டிப் பொரியல் என்றால் தாராளமாக வந்துவிடும். நாரைக் கூட்டும்போது தண்ணீரையும் கூட்ட வேண்டும். தண்ணீர் போதாவிட்டால் நார் உள்ளே கெட்டிப்பட்டுச் சிக்கல் இன்னும் மோசமாகும். ஒரே நாளில் நிறையக் கூட்டினால் வயிறு உப்பி வலிக்கும், மூன்று வாரம் என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். பால் நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போகிறதா என்றும் பாருங்கள். பால் அதிகமானால் சாப்பாடு குறையும், சில பிள்ளைகளுக்கு அதுவே மலத்தை இறுக்கும். இதையெல்லாம் செய்தும் ஒரு மாதத்தில் மாற்றம் தெரியாவிட்டால் மறுபடி டாக்டரிடம் காட்டுங்கள். மலத்தில் ரத்தம், வாந்தி, வயிறு வீக்கம், எடை குறைவு, தெரியாமலே ஜட்டியில் மலம் கசிவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அந்த ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம்.